பழைய பையைச் சரிசெய்வதா, புதுசு வாங்குவதா, டிராலியா? ஒரு முதுகுப் படத்தை வைத்துப் போட்ட கணக்கு

ஜூலையில் ஒரு திங்கட்கிழமை காலை, அண்ணியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு பிளாக்கின் மாடிப்படி, நாலாம் வகுப்புப் படிக்கும் அண்ணன் மகள் முதுகில் பையோடு இறங்கிக்கொண்டிருக்கிறாள், பின்னாலிருந்து எடுத்தது. கீழே ஒரு வரி: "ரொம்ப வெயிட்டா தெரியுதா பாரு. புதுசு வாங்கவா, இல்ல உங்க அண்ணன் சொல்ற மாதிரி டிராலியே வாங்கிடலாமா?"

நான் பெரம்பூர் பக்கம் பிசியோதெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன், அதனால் பள்ளி திறந்த முதல் இரண்டு மாதம் இந்த மாதிரிப் படங்கள் நிறைய வரும். எல்லாரும் கேட்பது இந்த ஒரே கேள்விதான், பழசா புதுசா டிராலியா என்று. அண்ணி கேட்டதற்கு நான் எப்படிப் பார்த்துச் சொன்னேனோ அதையே இங்கே எழுதுகிறேன், உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் எண்களை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளலாம்.

## படத்தில் எது தெரியும், எது தெரியாது

எடை தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உப்பியிருக்கிற பையைப் பார்த்ததும் "ஐயோ பாவம்" என்று எல்லாரும் சொல்வார்கள், உள்ளே பார்த்தால் ஸ்வெட்டரும் டிராயிங் ஷீட்டும் இருக்கும். ஒல்லியாகத் தட்டையாக இருக்கிற பைக்குள் கெட்டி அட்டை நோட்டு பன்னிரண்டு இருக்கும். எடைக்குத் தராசு வேண்டும். பாத்ரூம் தராசில் பையைத் தனியாக வைத்தால் பல நேரம் சரியாகக் காட்டாது. தெருமுனை அண்ணாச்சி கடையில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசு போதும், அண்ணி அங்கேதான் வைத்துப் பார்த்தார்.

படத்தில் தெரிவது இரண்டு விஷயம். ஒன்று, வாரும் பையும் முதுகில் எப்படி உட்கார்ந்திருக்கின்றன என்பது. இன்னொன்று, பை ஏறியதும் உடம்பு எப்படி மாறுகிறது என்பது. ஆனால் அதற்குப் படம் ஒழுங்காக எடுத்திருக்க வேண்டும். அண்ணி அனுப்பிய முதல் படத்தை நான் ஏற்றுக்கொள்ளவில்லை. அவர் இரண்டு படி மேலே நின்று குனிந்து எடுத்திருந்தார். பை முதுகிலிருந்து வெளியே துருத்தி நிற்பதால், மேலேயிருந்து பார்க்கும்போது அதன் அடிப்பகுதி உண்மையில் இருப்பதைவிடக் கீழே இருப்பது போலத் தெரியும். அந்தப் படத்தில் பை பாவாடை நடுவரை தொங்கியது. திரும்ப எடுக்கச் சொன்னதில் இடுப்புப் பட்டைக்கு நாலு விரல் கீழேதான் இருந்தது. நாலு விரலும் அதிகம்தான், ஆனால் முதல் படத்தை நம்பியிருந்தால் அன்றைக்கே பையைத் தூக்கிப் போட்டிருப்போம்.

எடுக்கும் முறை சிரமமில்லை. சமதரையில் பிள்ளையை நிறுத்துங்கள், பின்னால் ஒரு கதவு நிலையோ ஜன்னல் கம்பியோ நேராக நிற்பது படத்துக்குள் வரட்டும், மூன்று மீட்டர் தள்ளிக் குந்திக்கொண்டு பிள்ளையின் நடுமுதுகு உயரத்துக்கு போனைப் பிடியுங்கள். பின்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முன்பக்கம் ஒன்று. அப்புறம் முக்கியமாக, அதே இடத்தில் பையில்லாமல் பக்கவாட்டிலும் பின்பக்கமும் ஒவ்வொன்று. இதை யாரும் எடுப்பதில்லை. பையில்லாமல் அவள் எப்படி நிற்கிறாள் என்று தெரியாமல், பையோடு இருக்கும் கூனைப் பையின் தலையில் கட்ட முடியாது. "நேரா நில்லு" என்று மட்டும் சொல்லாதீர்கள், சொன்ன நொடியில் பிள்ளை என்.சி.சி. பரேடு மாதிரி நிற்கும், படம் வீண். சாயங்காலம் வீடு வந்து சேரும்போது, சொல்லாமல் எடுப்பதுதான் உண்மையான படம்.

## எதை வைத்து ஒப்பிடுவது

எடை. மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை, பை பிள்ளையின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்கிறது. மூன்று முதல் ஐந்தாம் வகுப்புக்கு அது கொடுக்கும் அளவு 1.7 முதல் 2.5 கிலோ. அதற்கு முன்பே, 2018 மே மாதம், நம் சென்னை உயர் நீதிமன்றமும் இதே பத்து சதவீதத்தைச் சொல்லியிருக்கிறது. இந்தப் பத்து சதவீதம் ஒரு கைக்கணக்கு, அவ்வளவுதான். 2018-இல் வெளியான ஒரு ஆய்வுத் தொகுப்பு, பையின் எடைதான் பிள்ளைகளின் முதுகுவலிக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. அதனால் 11 சதவீதம் என்றதும் பதற வேண்டாம். 18 சதவீதம் என்றால் சும்மாவும் இருக்க வேண்டாம்.

பொருத்தம். பின்பக்கப் படத்தில் பையின் மேல்விளிம்பு தோள் மட்டத்தில், அடிவிளிம்பு இடுப்பில் இருக்க வேண்டும், முதுகுக்கும் பைக்கும் நடுவில் வெளிச்சம் தெரியக் கூடாது. முன்பக்கப் படத்தில் நான் முதலில் பார்ப்பது கட்டைவிரலை. பிள்ளை இரண்டு கட்டைவிரலையும் வாருக்கு அடியில் செருகிக்கொண்டு நின்றால் ஒன்று வார் தோளை அறுக்கிறது, இல்லை நழுவுகிறது. எத்தனையோ பேர் அதை ஸ்டைல் என்று நினைக்கிறார்கள்! பாப்பா படத்தில் அப்படித்தான் நின்றாள்.

நிலை. பக்கவாட்டுப் படத்தில் காதுத் துளை, தோள் முனை, இடுப்பு எலும்பு, கணுக்கால், இந்த நாலும் ஏறக்குறைய ஒரே செங்குத்துக் கோட்டில் வரும். போனிலேயே படத்தின் மேல் கோடு போட்டுப் பார்க்கலாம். பையில்லாத படத்தில் பாப்பாவின் காது தோளுக்குக் கொஞ்சம் முன்னால் இருந்தது, இப்போதைய பிள்ளைகளில் பாதிப் பேர் அப்படித்தான். பையோடு எடுத்ததில் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இன்னொரு காது வைக்கிற அளவு இடைவெளி, உடம்பு இடுப்பிலிருந்தே முன்னால் சாய்ந்திருந்தது. பின்னால் இழுக்கிற பாரத்தைச் சமன்செய்ய உடம்பு தானாகச் செய்கிற வேலை அது.

பாதை. எத்தனை படி, எவ்வளவு நடை, மழையில் தெரு எப்படி இருக்கும். இதைப் படத்தில் பார்க்க முடியாது, நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

## பாப்பாவின் கணக்கு

பாப்பா 24 கிலோ. பத்து சதவீதம் என்றால் 2.4. அண்ணாச்சி கடைத் தராசில் பை 4.35 கிலோ காட்டியது, அதாவது 18 சதவீதம். அண்ணியை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைக்கச் சொன்னேன். வெறும் பை 780 கிராம். புத்தகமும் நோட்டும் 2.1 கிலோ, அதில் அன்றைக்கு டைம்டேபிளில் இல்லாத நோட்டுகளே முக்கால் கிலோ. தண்ணீரோடு ஸ்டீல் பாட்டில் 1,050 கிராம். தகர ஜியாமெட்ரி பாக்ஸ் 220. மிச்சம் 200 கிராம், அதில் கூழாங்கல் ஏழு இருந்தது, எதற்கு என்று கேட்டால் பதில் இல்லை. சாப்பாடு தனிக் கூடையில் போகிறது.

டைம்டேபிளில் இல்லாததை எடுத்து, அரை லிட்டர் லேசான பாட்டிலுக்கு மாறி, தகர டப்பாவுக்குப் பதில் ஜிப் பவுச் வைத்து, கல்லையும் எடுத்தபின் உள்ளே போகும் சாமான் 2.12 கிலோ ஆனது. மூன்று வழிகளுக்கும் இதே சாமானைத்தான் வைத்துக் கணக்குப் போட்டேன். நான் சொல்லும் புதுப் பையும் டிராலியும் பாரிமுனையில் கடைக்காரரின் தராசிலேயே வைத்துப் பார்த்தவை.

| | பழைய பை, சரிசெய்து | புதுப் பை, சின்னது | டிராலி |
|---|---|---|---|
| வெறும் பை | 780 கிராம் | 450 கிராம் | 1.9 கிலோ |
| சாமானோடு | 2.9 கிலோ (12%) | 2.57 கிலோ (11% கிட்ட) | 4.02 கிலோ (17% கிட்ட) |
| பொருத்தம் | வாரை இழுத்தால் சுமார் | நன்று | முதுகில் இல்லை |
| படியில் | இரண்டு தோளிலும் | இரண்டு தோளிலும் | ஒற்றைக் கையில் |
| மழைத் தெரு | பரவாயில்லை | பரவாயில்லை | சிரமம் |
| செலவு | 60 ரூபாய், தினமும் பத்து நிமிடம் | 650 ரூபாய் | 1,700 ரூபாய், அப்புறம் சக்கரம் |

## பழைய பையைச் சரிசெய்வது

பெரும்பாலான வீட்டில் முதலில் செய்ய வேண்டியது இதுதான், இதைச் செய்யாமல் புதுப் பை வாங்கினால் அதே 2.1 கிலோ நோட்டு புதுப் பைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

வாரை இரண்டு பக்கமும் சமமாக, பை முதுகோடு ஒட்டும்வரை இழுங்கள். வாருக்கும் தோளுக்கும் நடுவில் உள்ளங்கை தட்டையாக நுழைந்தால் போதும், அதற்குமேல் இடம் வேண்டாம். இழுத்து நாலு விரல் ஏற்றினோம், படம் எடுத்தோம், அழகாக இருந்தது, வியாழக்கிழமை பார்த்தால் பழையபடி தொங்குகிறது. பழைய பைகளில் இதுதான் கோளாறு. வார் கோர்த்திருக்கும் பிளாஸ்டிக் பக்கிளின் பல் தேய்ந்துபோயிருக்கும், பார்வைக்குத் தெரியாது. கண்டுபிடிக்க ஒரு வழி: வாரை இழுத்தபின் பக்கிளை ஒட்டி வாரின் மேல் பேனாவால் ஒரு கோடு போடுங்கள், நாலு நாள் கழித்துக் கோடு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாப்பா பையில் வலது பக்கம் இரண்டு விரல் நகர்ந்திருந்தது, இடது அசையவில்லை. பின்பக்கப் படத்தில் பை ஒருபக்கம் சரிந்து, ஒரு தோள் தூக்கியிருந்ததற்கு அதுதான் காரணம். பெரம்பூர் ஸ்டேஷன் பக்கம் செருப்பு, பை தைக்கிற தாத்தா இரண்டு பக்கிளையும் மாற்றி, மேல் தையலையும் ஒரு ஓட்டு ஓட்டிக் கொடுத்தார்.

அடுக்குவதும் முக்கியம். கனமான புத்தகம் முதுகை ஒட்டி, நோட்டு அதற்கு வெளியே, பவுச் கடைசியில். பாப்பா பாட்டிலை முன் ஜிப்பில், முதுகிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருந்தாள். அதே எடை தள்ளி இருந்தால் பின்னால் இழுப்பது அதிகம், சாய்வும் அதிகம். பக்க வலைப்பையில் வைத்தால் ஒருபக்கம் இழுக்கும். அரை லிட்டர் என்றால் சாப்பாட்டுக் கூடையில் வைத்துக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள், வைக்கலாம், ஆனால் கூடை ஒற்றைக் கையில் போவது, கையை மாற்றி மாற்றிப் பிடிக்கச் சொல்லிக் கொடுக்க வேண்டும். நாங்கள் பைக்குள்ளேயே, புத்தகத்துக்கும் நோட்டுக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்தோம்.

இந்த வழியின் மறைமுகச் செலவு ராத்திரி பத்து நிமிடம். தினமும் டைம்டேபிள் பார்த்து அடுக்க வேண்டும். அண்ணி காலையில் டிபன் கட்டிக்கொண்டே பையையும் கட்டுகிறவர், அவருக்கு இது லேசில்லை. எல்லா நோட்டையும் தினமும் கொண்டுவரச் சொல்கிற வகுப்பாசிரியர் இருந்தாலும் இது ஓடாது, அப்போது பள்ளியில் ஒரு வார்த்தை பேசித்தான் ஆக வேண்டும். ஆசிரியரிடம் படத்தைக் காட்டிப் பேசாதீர்கள், "எல்லாப் பிள்ளையும் இப்படித்தான் வருது" என்பார். தராசு காட்டிய எண்ணைச் சொல்லுங்கள்.

முதுகு நீளத்துக்குப் பை பொருந்துகிறது, தையல் உறுதியாக இருக்கிறது, அதிக எடை சாமானால்தான் வருகிறது என்றால், இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

## புதுப் பை

இங்கே நடக்கிற தப்பு ஒன்றே ஒன்றுதான்: "வளர்ற புள்ள, பெருசா வாங்கு, மூணு வருஷம் வரும்." சட்டை பெரிசாக வாங்கினால் மடித்துத் தைக்கலாம். பையை மடிக்க முடியாது.

கடைக்குப் போகும் முன் ஒரு அளவு எடுங்கள். பிள்ளை தலையைக் குனிந்தால் கழுத்தும் முதுகும் சேரும் இடத்தில் ஒரு எலும்பு முட்டித் தெரியும், அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல் மட்டம்வரை டேப் வையுங்கள். பாப்பாவுக்கு 34 செ.மீ. அவளுடைய பழைய பை 18 அங்குலம், அதாவது 46 செ.மீ.! வாரை எவ்வளவு இழுத்தாலும் அந்தப் பை ஒன்று தலைக்குப் பின்னால் முட்டும், இல்லை கீழே தொங்கும். நான் அட்டவணையில் "சுமார்" என்று போட்டதற்குக் காரணம் அதுதான். 14 அங்குலப் பை 35.5 செ.மீ., அதுதான் அவள் முதுகு. கடைக்காரர் "இது எல்.கே.ஜி. சைஸ் மேடம்" என்று சொல்வார். சொல்லட்டும். பள்ளியின் பெரிய நோட்டு உள்ளே நுழைகிறதா என்பதை மட்டும் கையோடு ஒன்று கொண்டுபோய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, மேலே இரண்டு வாரும் தைத்திருக்கும் இடைவெளி. அகலமான பையில் அவை தள்ளித் தள்ளி இருக்கும், ஒல்லித் தோளில் நிற்காது, பிள்ளை தோளைத் தூக்கிச் சுருக்கிக்கொண்டு நடக்கும். மார்புக்குக் குறுக்கே கிளிப் போடுகிற பட்டை இருந்தால் வார் நழுவாது, நல்லதுதான், ஆனால் அது எடையைக் குறைக்காது. இடுப்பு பெல்ட் தோள் பாரத்தைக் குறைக்கும், அது இடுப்பெலும்பின் மேல் உட்கார்ந்தால் மட்டும். தவிர, பள்ளி வாசலைத் தாண்டியதும் எந்தப் பிள்ளையும் அதைப் போடாது. "ஆர்த்தோ" என்று ஸ்டிக்கர் ஒட்டிய பையைப் பற்றிக் கேட்கிறார்கள். வெறும் பையாகத் தூக்கிப் பாருங்கள். முதுகுப் பக்கம் மெத்தையும் பிளாஸ்டிக் சட்டமும் வைத்து ஒரு கிலோவைத் தாண்டியிருந்தால், 24 கிலோப் பிள்ளைக்கு அனுமதித்த 2.4-இல் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் பையே சாப்பிட்டுவிடுகிறது.

இதன் மறைமுகச் செலவு: சின்னப் பை இரண்டு வருஷத்தில் பத்தாமல் போகும். பக்கவிளைவாக ஒரு நன்மையும் உண்டு, இடமில்லாததால் தேவையில்லாதது உள்ளே போகாது.

வாரை முழுக்க இழுத்த பின்னும் பின்பக்கப் படத்தில் அடி இடுப்புக்குக் கீழே தொங்கினால், அல்லது முன்பக்கப் படத்தில் வார் தோள் விளிம்புக்கு நழுவி நின்றால், தாத்தாவால் தைத்துச் சரிசெய்ய முடியாது. புதுசுதான்.

## டிராலி

அண்ணனுக்கு ஆசை இதில்தான். முதுகில் பாரமே இல்லையே என்று கேட்டார். தரையில் உருளும்வரை இல்லை. ஆனால் அவர்கள் வீடு மூணாவது மாடி, லிப்ட் கிடையாது. பாப்பாவின் வகுப்பு பள்ளியில் இரண்டாவது மாடி. ஆக தினமும் ஐந்து மாடி ஏறி ஐந்து மாடி இறங்க வேண்டும், அதுவும் நாலு கிலோவை ஒற்றைக் கையில், கைப்பிடிச் சுவர்ப் பக்கம் சாய்ந்துகொண்டு, பின்னால் இருபது பிள்ளைகள் முண்டியடிக்க. 2020 கொள்கையே சக்கரப் பை வேண்டாம் என்கிறது, காரணம் இந்தப் படிக்கட்டுதான், பிள்ளைகளுக்கு அடிபடும்.

அப்புறம் நம் ஏரியா. கணேசபுரம் சுரங்கப்பாதை மழைக்கு நிரம்பும் கதை எல்லாருக்கும் தெரியும், தெருக்களும் ஒன்றும் குறைச்சலில்லை. ஐப்பசி, கார்த்திகையில் அந்தச் சின்னச் சக்கரம் சேற்றில் உருளாது, பிள்ளை தூக்கிக்கொண்டுதான் போகும், தண்ணீர் அடியிலிருந்து ஏறி நோட்டு நனையும். சில டிராலியில் முதுகில் மாட்ட வாரும் இருக்கும், ஆனால் இரும்புக் கம்பி சட்டம் நேராக முதுகெலும்பில் உட்காரும், மாட்டிப் பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தால் நான் சொல்லாமலே புரியும். உருட்டும்போதும் கைப்பிடி உயரம் பார்க்க வேண்டும், குட்டையாக இருந்தால் ஒருபக்கம் குனிந்து முறுக்கி இழுக்கும், தினமும் அதே கை.

இவ்வளவு சொன்னாலும் டிராலிக்கு இடமே இல்லை என்று சொல்லமாட்டேன். தரைத்தளத்தில் வீடு அல்லது லிப்ட் இருக்கிறது, வாசலில் வேன் ஏறி பள்ளிக்குள்ளேயே இறங்குகிறார்கள், வகுப்பும் கீழ்த்தளம், அப்படியானால் வைத்துக்கொள்ளலாம். காயம், அறுவைச் சிகிச்சை என்று முதுகில் மாட்டவே கூடாது என மருத்துவர் சொன்ன பிள்ளைக்கும் சில மாதத்துக்கு இது சரி.

## பையை விட்டுவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டிய படம்

பையில்லாமல் எடுத்த பின்பக்கப் படத்திலும் ஒரு தோள் உயர்ந்தோ, ஒரு தோள்பட்டை எலும்பு துருத்தியோ இருந்தால், பிள்ளையைக் குனியவைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். முதுகின் ஒருபக்கம் மேடாக எழும்பினால் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். முதுகெலும்பு அப்படி வளைவதற்குப் பை காரணமில்லை, பை மாற்றி அது நேராகாது, நாள் கடத்துவதுதான் கெடுதல். அதேபோல் கை மரத்துப்போகிறது, விரல் குறுகுறுக்கிறது, ராத்திரி வலியில் எழுந்துகொள்கிறது என்றாலும் பைக் கடைக்குப் போவதற்கு முன் மருத்துவமனை.

## கடைசியில் என்ன செய்தோம்

முதல் மூன்று வாரம் பழைய பையே, பக்கிள் மாற்றி, அடுக்கை மாற்றி. பக்கவாட்டுப் படத்தில் சாய்வு பாதிக்கு மேல் குறைந்தது, ஆனால் கட்டைவிரல் வாரை விட்டு வரவில்லை, 46 செ.மீ. பையை 34 செ.மீ. முதுகில் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது. ஆகஸ்டில் 14 அங்குலப் பை வாங்கினோம். 2.57 கிலோ, கணக்குப்படி இன்னும் 170 கிராம் கூட. தண்ணீரைப் பாதியாக்கிப் பள்ளியில் பிடித்துக்கொண்டால் அதுவும் சரியாகிவிடும், ஆனால் அண்ணி பள்ளித் தண்ணீரை நம்பமாட்டார், அந்த வாக்குவாதத்துக்குள் நான் போகவில்லை.

இரண்டாம் பருவப் புத்தகம் வந்ததும் அக்டோபரில் திரும்பவும் அண்ணாச்சி தராசில் வைத்து, அதே கதவு நிலைக்கு முன்னால் படமும் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். வந்தது. 2.7 கிலோ. பக்கவாட்டில் காது தன் இடத்துக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது, இரண்டு கையும் வாரை விட்டுக் கீழே தொங்குகிறது, வலது உள்ளங்கை மட்டும் மூடியிருக்கிறது. போன் பண்ணிக் கேட்டேன். "அத்தை, கல்லு பைல வைக்கக் கூடாதுன்னுதானே சொன்ன?"